கடைசி வரியில் வகு

ஹில்டாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அவள் கணவர் வேதசிரோமணி குறுக்கே வந்து நிற்கிறார். அது அவருக்குப் பழக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே பள்ளியில் நாங்கள் மூன்று பேரும் வேலை பார்த்தோம். ஹில்டா பிளஸ் டூவுக்கு இயற்பியல், நான் வேதியியல், அவர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. அந்தக் கணக்கு வாத்தியார் மாலையில் தன் வீட்டு முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். டியூஷன் கூடாது என்று நிர்வாகம் வருடாவருடம் சுற்றறிக்கை விடும். வருடாவருடம் அவரும் அதில் கையெழுத்துப் போடுவார். பிறகு வீட்டுக்குப் போய் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவார்.

நடத்துவதாவது சரியாக இருந்ததா என்றால், அதுதான் ஹில்டாவின் வயிற்றெரிச்சல். ஃபோட்டான் என்ற ஒளித்துகளின் ஆற்றல் பற்றிய கணக்குக்கு அவர் ஒரு மந்திரம் வைத்திருந்தார். "கடைசி வரியில ஒண்ணு புள்ளி ஆறு பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் பத்தொன்பதால வகு. யோசிக்காதே." பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டே ஹில்டா தினமும் இதைக் கேட்க வேண்டும்.

எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் மிகமிகச் சின்ன அளவு. ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்றால் 1.6 × 10⁻¹⁹ ஜூல். ஜூலில் இருப்பதை எலக்ட்ரான் வோல்ட்டாக்க வேண்டுமானால் அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எலக்ட்ரான் வோல்ட்டில் இருப்பதை ஜூலாக்க வேண்டுமானால் பெருக்க வேண்டும். பொதுத்தேர்வில் பெரும்பாலும் அலைநீளத்தைக் கொடுத்து ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் கேட்பார்கள். அதனால் அவருடைய மந்திரம் பலித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள், அவருக்குப் பேரும் வந்தது.

"என்னங்க, திருப்பிக் கேட்டா என்ன பண்ணுவாங்க?" என்று ஹில்டா கேட்டிருக்கிறாள்.

"கேக்க மாட்டான் ஹில்டா. பத்து வருஷ கொஸ்டின் பேப்பர் பாத்துட்டேன்."

எண்பத்தெட்டு டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தவள் ஹில்டா. திருப்பிக் கேட்டாள். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 2.5 எலக்ட்ரான் வோல்ட், அதன் அலைநீளம் என்ன? புருஷனுக்கு வைத்த பொறி அது. விழுந்ததோ பிள்ளைகள்.

பெருக்கினால் ஆற்றல் 4 × 10⁻¹⁹ ஜூல், அலைநீளம் 4950 ஆங்ஸ்ட்ராம் என்று சமர்த்தாக வந்துவிடும். டியூஷன் கூட்டம் மொத்தமும் வகுத்திருந்தது. மடக்கை அட்டவணையைப் புரட்டி, ஆற்றல் 1.56 × 10¹⁹ ஜூல் என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் ஹில்டா விடைத்தாளை என் முன்னால் போட்டாள்.

"பாரு. இந்த ஒரு ஃபோட்டான் கையில கிடைச்சா இந்தியா முழுக்க வருஷக்கணக்கா கரண்ட் கட்டே இருக்காது. அலைநீளம் பத்தின் அடுக்கு மைனஸ் நாப்பத்து நாலு மீட்டராம். அணுக்கருவே இதுக்கு முன்னால மலை. எழுதுறப்ப ஒருத்தருக்குக் கூடவா உறுத்தல?"

தப்புக்கு மார்க் போடாததோடு கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விடைத்தாள்களை மேலோட்டமாகப் பார்த்த தலைமையாசிரியர் அந்தோணிசாமி பிடித்துக்கொண்டார். அவர் வரலாறு படித்தவர். அவருக்கு ஃபோட்டான் தெரியாது, பிள்ளைகளைத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைப்பு.

"சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணா இருக்கலாம் டீச்சர். தப்பு எப்படி அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கும்? காப்பி."

"வேற வேற ரூம்ல உக்காந்தவங்க சார்."

"பாத்ரூம்ல சீட்டு மாறியிருக்கும். அத்தனை பேருக்கும் டிசி குடுத்துடுறேன்."

பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. காப்பியடித்தவர் என்ற பேரோடு போகும் பிள்ளையை இனி எந்தப் பள்ளி சேர்க்கும்? ஹில்டா விடவில்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து அதே கணக்கைக் கொடுத்துப் பாருங்கள் என்று மன்றாடினாள். என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் வகுத்தார்கள். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றால் வாய் திறக்கவில்லை. சாரைக் காட்டிக் கொடுக்கக் கூடாதாம். இந்த விசுவாசத்தில் பாதியைப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.

கடைசியாகப் பம்மலிலிருந்து வரும் செல்வமேரி. தோல் தொழிற்சாலைக்காரர் மகள், வகுப்பிலேயே சூட்டிகையான பெண். அவளும் வகுத்தாள். எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"மிஸ், பெருக்குனா நாலாயிரத்து தொள்ளாயிரத்து அம்பது வருது. பரிச்சையிலயும் மொதல்ல அதான் வந்துச்சு. அடிச்சிட்டு வகுத்துட்டேன்."

"ஏம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

அவள் ஹில்டாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிரு ஹில்டா என்று மனசுக்குள் சொன்னேன், அதை இப்போது மறைப்பானேன். சொன்னால் வேதசிரோமணியின் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் படிப்புக்கு.

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது சார்," என்றாள் ஹில்டா. "எங்க வீட்டு முன் ரூம்ல. இவங்க யாரும் காப்பியடிக்கல. சொன்னத அப்படியே கேட்டிருக்காங்க."

அந்தோணிசாமி பேனாவை மூடி வைத்தார். பிறகு செல்வமேரியை வகுப்புக்குப் போகச் சொன்னார். டிசி பேச்சை விட்டார். டியூஷன் அன்றோடு நிற்க வேண்டும், வேதசிரோமணி காலையில் வந்து நிர்வாகத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும், வேலை என்னவாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அன்று மாலை தனியாக வீட்டுக்குப் போக ஹில்டாவுக்குத் தெம்பில்லை. சேலையூர் வரைக்கும் நானும் கூடவே நடந்தேன். வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தது. உள்ளே அவர் கரும்பலகையைத் துடைத்துப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். ஹில்டா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

மனுஷன் எகிறினார். "உன் புருஷனைப் போய்க் காட்டிக் குடுத்தியா? ஒரு கணக்குக்காகவா? கேக்க மாட்டான்னு சொன்னேன், நீயே வேணும்னு கேட்டிருக்க."

"ஆமா, நான்தான் கேட்டேன். உங்களுக்குப் புரியட்டும்னு கேட்டேன். பிள்ளைங்க தலையில விடியும்னு நினைக்கல. அது என் தப்பு."

"சரி, நாளையிலேர்ந்து எலக்ட்ரான் வோல்ட்ல குடுத்தா பெருக்கு, எலக்ட்ரான் வோல்ட்ல கேட்டா வகுன்னு சொல்லிட்டுப் போறேன். இதுக்கு இவ்வளவு ரகளையா?"

இன்னொரு மந்திரம். எனக்கே அந்த டஸ்டரை எடுத்து அடிக்கலாம் போலிருந்தது. ஹில்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செல்வமேரி பெருக்கியதையும் அடித்ததையும் சொன்னாள். அவர் முதலில் கவனிக்கவில்லை, பிறகு திரும்பினார்.

"பெருக்கிட்டாளா? விடை சரியா வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரியா வந்ததை எதுக்கு அடிச்சா, அறிவு கெட்டவ?"

"நீங்க யோசிக்காதேன்னு சொன்னீங்க," என்றாள் ஹில்டா.

தெருக் கேட்டில் பிள்ளைகளின் சைக்கிள் சத்தம் கேட்டது. வேதசிரோமணி எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, இன்றைக்கு வகுப்பு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். செல்வமேரியை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஜன்னலருகே வந்து நின்றாள். "பரிச்சையில நீ மொதல்ல போட்டதுதான் சரிம்மா," என்றார்.