முதல் வரியிலேயே சொல்லிவிடுகிற யசோதினி

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில் இப்போது வாய் உள்ளவன் எல்லாம் விமர்சகன். எந்தக் கடைக்குள் போனாலும் ஒருவன் கைபேசியை நீட்டிக்கொண்டு, மசாலாத் தூளை முகர்ந்து கண்ணை மூடுகிறான். பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவனை இன்னும் நான் பார்க்கவில்லை. சும்மா கிடைத்த பொருளில் குறை காண அவனுக்கு என்ன பைத்தியமா?

அங்கே ரூ பெர்தொனே என்கிற தெருவில் குகதாசனின் சமையல் பாத்திரக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். பெயர் இராஜேந்திரன். என் வாயாலும் இந்தப் பொய்களில் பாதி விற்றுப்போயிருக்கிறது. நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.

யசோதினி வேறு ரகம். நகரத்துக்கு வெளியே சார்செலில் இருக்கிறாள். பகலில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு. ஞாயிற்றுக்கிழமை தன் குசினியில், கைபேசியை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்துக் காணொளி எடுப்பாள். பேச வேண்டியதை முதலில் கொப்பியில் எழுதுவாள். பொருளை யார் தந்தது, காசு வாங்கினாளா என்பதுதான் எப்போதும் முதல் வரி. பிறகு நல்லது, கெட்டது, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது. நம்பிப் பார்க்கிறவர்கள் எல்லாம் குசினியில் நிற்கிற பெண்கள்.

அந்தக் கூட்டத்தைப் பிடிக்கத்தான் குகதாசன் புதிதாக இறக்கிய மிக்ஸி ஒன்றை அவளுக்கு இலவசமாகக் கொடுத்தார். காணொளிக்குக் காசும் அனுப்பினார். இரண்டையும் சொல்லுவேன், எழுதியதை முதலில் உங்களுக்கு அனுப்புவேன், அளவு, விலை பிழை என்றால் திருத்தலாம், என் அபிப்பிராயத்தில் கை வைக்க முடியாது என்று அவள் அப்போதே சொன்னாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து இவர் தலையாட்டினார்.

அவள் வடைக்கு உழுந்து அரைத்தாள். கையேட்டில் உள்ளபடி மூன்று நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினாள். இரண்டாம் முறை மோட்டர் சூடேறி மணத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒருநாள் பிழையாக இருக்கலாம் என்று அடுத்த ஞாயிறும் அரைத்தாள். அப்போதும் நின்றது. சட்னிக்கு நல்லது, உழுந்துக்கு வேண்டாம் என்று நேராக எழுதி அனுப்பினாள்.

குகதாசன் அவளைக் கடைக்கு அழைத்தார். உழுந்தை எடுத்துவிடச் சொன்னார். காசு வாங்கியதைத் தமிழில் வாயால் சொல்ல வேண்டாம், மூலையில் 'கொலபொரசியோன் கொமெர்சியால்', அதாவது வியாபாரக் கூட்டு, என்று பிரெஞ்சில் சின்னதாகப் போட்டால் போதும் என்றார்.

"சட்டத்துக்கு அது காணும், தங்கச்சி."

"காணாது அண்ணை. எழுத்து தெளிவாத் தெரியவேணும், வீடியோ முழுக்க நிக்கவேணும். அதையும் போடுவன். ஆனா என்ரை வீடியோ பாக்கிற அக்காமாருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அவைக்குத் தெரியாத பாசையிலை உண்மை சொன்னா, அது ஒளிக்கிறதுதான்."

இனி இந்தத் தெருவில் ஒருவரும் உனக்குப் பொருள் தரமாட்டினம் என்றார் அவர். அவள் மிக்ஸியை மேசையில் வைத்து, காசையும் வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அதே மிக்ஸி லியோனலிடம் போனது. அவனும் காணொளி போடுகிறவன், நெஞ்சில் கை வைத்துப் பேசுகிற பெடியன். அவன் காணொளியில் வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை எழுத்தில் அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் மூன்று வினாடி தெரிந்து மறைந்தன. அந்த மிக்ஸியில் அரைத்ததாக அவன் காட்டிய வடை பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வாங்கியது. வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அதைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மா பத்தாம் நாள் கருகிய மிக்ஸியோடு வந்தார். அந்த எழுத்தை மிக்ஸியின் பெயர் என்று நினைத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. குகதாசனுக்கு அந்த வியாதி இல்லை.

பிறகு யசோதினி வந்து அதே ரக மிக்ஸி ஒன்றைத் தன் காசில் வாங்கினாள். ரசீது எழுதியவன் நான். காணொளியில் ரசீதைக் காட்டினாள். முன்பு கடைக்காரர் இதைச் சும்மா தந்ததையும், காசு தந்ததையும், இரண்டையும் திருப்பிக் கொடுத்ததையும் முதல் வரியிலேயே சொன்னாள். உழுந்து அரைத்தாள். அதுவும் நின்றது.

குகதாசன் சொன்னபடியே நடந்தது. தெருவே அவளுக்குக் கதவைச் சாத்தியது. இப்போது தானாக வாங்குகிறதை மட்டும், மாதத்துக்கு ஒன்றாக, காட்டுகிறாள். போன மாதம் காட்டியது உழுந்துக்கு நின்றுபிடித்த வேறொரு மிக்ஸி.

போன சனிக்கிழமை குகதாசனின் மனைவி தில்லைநாயகி கடைக்கு வந்தார். மகள் தனிக்குடித்தனம் போகிறாளாம், மிக்ஸி வேண்டுமாம். லியோனல் காட்டியதை எடுத்துக் குகதாசன் மேசையில் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உழுந்து அரைக்க எது நல்லதெண்டு யசோதினி சொன்னவ?"

நான் வாசலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டினேன். அது எங்கள் கடையில் இல்லை, எதிர்க்கடையில் இருக்கிறது. கணவன் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா தெருவைக் கடந்து போனார்.