பின்பக்கத்துப் புத்தகங்கள்

கல்லூரியில் எல்லோரும் அவரைச் சின்ன மேடம் என்றே அழைப்பார்கள். தற்காலிக வேலை. வருடா வருடம் துறைத்தலைவி பெரிய மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் சோறு. பூட்டிய கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார். அவ்வளவு பயந்த சுபாவம்.

மாணவர் கட்டுரைகளில் வாசிப்பின் பரப்புக்குத் தனி மார்க் உண்டு. பாடத்துக்கு வைத்த மூன்று புத்தகங்களோடு நின்றுவிட்டால் நடுத்தரம். அதைத் தாண்டித் தேடிப் படித்து, படித்ததை வாதத்தில் பயன்படுத்தினால் உயர்ந்த மார்க். சின்ன மேடம் எப்போதும் கட்டுரையைப் பின்பக்கத்திலிருந்து திறப்பார். நூல்பட்டியல் நீளமாக இருந்தால் மனம் குளிர்ந்துவிடும்.

அன்று மதியம், சின்ன மேடம் திருத்தி முடித்த கட்டுரைகளில் சிலவற்றைப் பெரிய மேடம் சரிபார்க்க வேண்டியிருந்தது. அனுப்புமுன், முதல் மார்க் வாங்கிய கட்டுரையைச் சின்ன மேடம் சும்மா புரட்டினார். ஒரு மேற்கோள் எங்கேயோ பார்த்தது போலிருந்தது. பாடநூலை எடுத்துப் பார்த்தார். அதே மேற்கோள், அதே இடத்தில் வெட்டிய வரி, அடிக்குறிப்பில் அதே பக்க எண். அடுத்ததும் அப்படியே. பட்டியலில் இருந்த வெளிப் புத்தகம் ஒன்றைக்கூட எழுதிய பையன் தொட்டதில்லை. எல்லாம் பாடநூலின் அடிக்குறிப்பிலிருந்து பொறுக்கியவை.

நடுத்தர மார்க் போட்ட ஒரு பெண்ணின் கட்டுரையை எடுத்தார். வெளிப் புத்தகம் இரண்டுதான். ஆனால் அதில் ஒன்றை வைத்துப் பாடநூலையே மடக்கிக் கேள்வி கேட்டிருந்தாள்.

கடைநிலை ஊழியர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பேப்பர் கட்டைக் கட்டிப்பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க? பெரிய மேடம் கேக்குறாங்க."

"நானே கொண்டுவரேன் அண்ணே."

"முகமே சரியில்லையே. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சொல்லாமல் விட்டால் பெரிய மேடம் கண்ணில் படாமலும் போகலாம். பட்டால் வேலை போய்விடும். சொன்னாலும் போகலாம். "கடவுளே, நாக்குல நில்லு" என்று முணுமுணுத்தபடி நடந்தார்.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும், பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார். "பட்டியலை மட்டும் பாத்து மார்க் போட்டீங்களா?"

"ஆமா மேடம். இது மட்டுமில்ல. மத்ததும் அப்படித்தான் போட்டிருப்பேன்னு பயமா இருக்கு."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல மேடம்."

பெரிய மேடம் கட்டை அவர் பக்கமே தள்ளினார். "அப்ப நான் சிலதை மட்டும் பாத்துப் பிரயோஜனமில்ல. மொத்தமும் திரும்பத் திருத்துங்க. ஒவ்வொரு மேற்கோளும் எந்தப் புத்தகத்துலேருந்து வந்ததுன்னு பாருங்க. முடிச்சுட்டு வாங்க, பேசலாம்."

என்ன பேசப்போகிறார் என்று கேட்காமலே கட்டை எடுத்துக்கொண்டார். இருக்கைக்கு வந்து, அந்தப் பெண்ணின் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து திறந்தார்.