துடைத்த ஓரங்கள்

லிங்கராஜபுரத்து மாடி ஆபீஸ் ஒன்றில் தியோடருக்கு ஸ்கேன் பண்ணும் வேலை. 1999-ல் ஒரு சர்ச்சின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் அங்கே வந்தன. கூட வேலை பார்க்கும் ராதா எழுதிய புரோகிராம் பக்கத்தை வரிவரியாக வெட்டித் தரும். ஆட்கள் பார்த்து டைப் அடிப்பார்கள். ஓரத்தில் பக்கவாட்டாக எழுதியிருந்தால் மட்டும் புரோகிராம் தடுமாறியது. அந்த எழுத்துகள் பத்து வரிகளுக்குள் துண்டுதுண்டாகச் சிதறின.

தியோடர் யாரையும் கேட்கவில்லை. ஓரங்களை மௌஸால் வெள்ளையாகத் துடைத்துவிட்டான். வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஒரு நாள் பிலோமினா படியேறி வந்தார். காக்ஸ் டவுனில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட்டுக்காகச் சர்ச்சில் வாங்கிய, இங்கே டைப் அடித்ததிலிருந்து எடுத்த ஞானஸ்நான நகலில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்ச் கிளார்க் கிளாரன்ஸ் 'தகப்பன் பெயர் இல்லை' என்று நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டார்.

"எங்கப்பா பேர் அதுல இருக்கு தம்பி. அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காங்க."

"புக்லயே இல்லைங்க மேடம்" என்றான் தியோடர். பொய் வாயிலிருந்து தானாக வந்தது. அவர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் ராதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை, அவனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. துடைக்காத முதல் ஸ்கேன் சி.டி.யில் இருந்தது. அதில் பிலோமினாவின் பதிவு இருந்த பக்கத்தின் ஓரத்தை மட்டும் தனியாக வெட்டி, வலப்பக்கம் கால் சுற்று திருப்பினாள். ஒரு பாதி நேரானது; மீதி இன்னும் பக்கவாட்டாகவே கிடந்தது.

"ரெண்டு குறிப்பு இருக்கு. முதல்ல பிரிக்கணும், அப்புறம்தான் திருப்பணும்" என்றாள்.

நடுவிலிருந்த வெற்றிடத்தில் இரண்டாக வெட்டினாள். பக்கத்தில் மேலே இருந்தது கீழிருந்து மேலாக எழுதியது. கால் சுற்றிலேயே நேராகிவிட்டது, ஆனால் வேறொரு குழந்தையைப் பற்றியது. கீழே இருந்ததைத் தலைகீழாக எழுதியிருந்தார்கள். முதலில் இருந்த நிலையிலிருந்து அரைச் சுற்று சுற்றினாள். பிறகு அதை மூன்று வரிகளாகப் பிரித்தாள். இரண்டாம் வரியில் 'தகப்பன் அருளப்பன், தானே வந்து ஒப்புக்கொண்டார்' என்றிருந்தது. கீழே சர்ச் சாமியாரின் கையெழுத்து, 1942.

தியோடர் திரையைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டான்.

திருத்திய நகலை எடுத்துக்கொண்டு பிலோமினா வீட்டுக்கே போனான். "புக்ல இருந்துச்சு மேடம். நான்தான் அழிச்சேன். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். "கிளாரன்ஸ் சத்தமா வாசிச்சப்ப அங்க யாரெல்லாம் இருந்தாங்கன்னு நான் எழுதித் தரேன். நீங்களே போய் ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்லிடுங்க."

நாலு பேர் வீட்டுக்கும் போனான். மூன்றாவது வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னான்.

துடைத்த பக்கங்கள் மொத்தம் நானூற்றுப் பதினேழு. ஈஸ்டர் வரை ஒவ்வொன்றையும் பிரித்துத் திருப்பிப் படித்துத் தானே டைப் அடித்தான். பிலோமினாவைப் போல இன்னும் பதினோரு குழந்தைகளுக்கு ஓரத்தில் தகப்பன் பெயர் இருந்தது.