பானை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்?

பானை வனையக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு மண் பிசைந்த கையோடு போனை எடுக்கவே பிடிக்காது. ஆனால் "உங்கள் இடம் உறுதி, நன்றி" என்று அவள் அனுப்பும் ஒற்றை வரிக்குப் பிறகு கேள்விகள்தான் வந்து குவியும். எந்த வாசல்? வண்டியை எங்கே விடுவது? செய்த பானையை அன்றே எடுத்துப்போகலாமா?

இந்த வாரம் அவள் பொறுமை போய்விட்டது. இதுவரை வந்த கேள்விகளையெல்லாம் தேடியெடுத்து, பதில்களையே செய்தியாக எழுதி, சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். சனிக்கிழமை தேதி, காலை பத்து மணி, முகவரி, பின்பக்கத்து நீலக் கதவு, எதிரே வண்டி நிறுத்தலாம், பழைய உடை, வெட்டிய நகம், சூளையில் சுட்ட பானை மூன்று வாரம் கழித்தே கிடைக்கும், வர முடியாவிட்டால் இரண்டு நாள் முன்பே சொல்லவும்.

வெள்ளி மாலை வரை போன் வாயைத் திறக்கவில்லை. பிறகு, வகுப்பில் சேர்ந்திருந்த அவளுடைய சொந்தத் தங்கையே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"எல்லாம் அதுலயே இருக்குடி! படிச்சுட்டுப் பேசு!"

"ரெண்டு தடவ படிச்சுட்டேன். எத்தன மணிக்கு முடியும்னு எங்க போட்டிருக்க?"

அக்கா மேலிருந்து கீழே பார்த்தாள். இல்லை. பானை வனையும் சக்கரத்தின் முன் உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது.

"ஒரு மணிக்கு" என்றாள். அந்த வரியையும் சேர்த்து எல்லோருக்கும் மறுபடி அனுப்பினாள்.

சனிக்கிழமை சரியாக ஒரு மணிக்கு, பாதிப் பானையில், தன் சக்கரத்தைத் தானே நிறுத்தினாள்.