நாக்கில்லாத மரமணி

எங்கள் அருங்காட்சியகத்தில் மாட்டுக் கழுத்தில் கட்டும் மரமணி ஒன்று இருக்கிறது. உள்ளே நாக்கு இல்லை. ‘ஓசை எழுப்பாத சடங்கு மணி’ என்று அதற்கு விவரச் சீட்டு எழுதிய மேதை நான்தான். சீட்டைப் படித்துவிட்டு நானே ஒருமுறை பக்தியோடு நின்றிருக்கிறேன்.

புதுக் கூடத்தில் வைப்பதென்றால் அது எப்படி எங்களுக்கு வந்தது என்று காட்ட வேண்டும். கோப்பில் ரசீது குத்தியிருந்தது. வாங்கிய ரசீது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். குண்டூசியைப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்தால் ஜீப் வாடகை! கொண்டுவந்த அதிகாரி காலமாகிவிட்டார். அவருடைய களக்குறிப்பில் ஒரே வரி: ‘மரமணி, புதூர்நாடு, பலா மரத்து வீடு.’ அதற்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் எண் விழும்வரை வெற்றிடம்.

மணியின் படங்களோடு புதூர்நாடு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே பலா மரம் இல்லாத வீட்டைத் தேடுவதுதான் சிரமம். எட்டாவது வீட்டில் ஓர் அம்மா படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சாமை முறத்தைக் கீழே வைத்தார்.

“இன்னா சார், இது எங்க மாமனார் மணி. போட்டோ புடிச்சிட்டுத் தர்றேன்னு ஒருத்தர் வாங்கிக்கினு போனாரு.”

“வித்திருக்கலாம் இல்லீங்களா?”

“அததான் ஊரே சொல்லிச்சி. வித்துக் குடிச்சிட்டான்னு சாவுற வரைக்கும் கிண்டல். வித்திருந்தா நாக்கோட குடுத்திருப்பாரே? இரவல்னுதான் நாக்கக் கழட்டி வச்சிக்கினாரு.”

வீட்டுக்குள் போய்த் துணியில் சுற்றிய கட்டைத் துண்டோடு வந்தார். சடங்கு மணி என்று நான் எழுதியதைச் சொன்னேன். முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். “நல்லா எழுதினீங்க, போங்க!”

அவர் சொன்னதை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வாரம் நாக்கோடு அருங்காட்சியகம் வந்தார். மணியின் உள்ளே இருந்த தேய்மானத்தில் அதன் முனை அச்சாகப் பொருந்தியது. மரம் தாங்குமென்று பழம்பொருள் பராமரிப்புப் பிரிவினர் பார்த்துச் சொன்ன பிறகு, அந்த அம்மாவே நாக்கைக் கட்டி, மெதுவாக ஆட்டினார். லொடக், லொடக். கையுறையும் கௌரவமுமாக நின்ற எங்கள் மேலதிகாரியே சிரித்துவிட்டார்.

“மணிய எடுத்துக்கினு போறீங்களாம்மா? உங்களுதுதான்” என்றேன்.

“இங்கயே இருக்கட்டும் சார். அவரு விக்கலன்னு மட்டும் எழுதிடுங்க. ஊர்க்காரங்கள ஜீப்ல ஏத்திக்கினு வந்து படிக்கச் சொல்றேன்.”

எழுதினோம்: ‘புதூர்நாட்டுக் குடும்பம் ஒன்று இரவலாகத் தந்தது. விற்கப்படவில்லை.’ இரவல் பத்திரத்தில் கையெழுத்திட்டதும் அந்த அம்மா மணியைத் தன் பக்கம் இழுத்து, நாக்கை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“இரவல்தானே சார்?”

சீட்டில் இன்னொரு வரி சேர்த்தேன்: ‘நாக்கு உரிமையாளரிடம்.’