ஷிப்டுக்கு நடுவே ஒரு பூட்டு

பிசைகிறவனைக் காத்திருக்கச் சொல்லலாம், பிசைந்த மாவைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்த ரொட்டித் தொழிற்சாலையில் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. நான் மாவுப் பகுதி மேஸ்திரி. முன்கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை நான் மறுத்ததும் இல்லை.

பராமரிப்புத் திட்டம் போடும் பெண்ணை எல்லோரும் ‘கேப் அக்கா’ என்பார்கள். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கிடைக்கும் ‘கேப்’பில், அந்த இடைவெளியில், இயந்திரங்களைச் சரிசெய்துவிடுவது அவள் வேலை. உற்பத்தி நேரம் பத்து நிமிடம் போனாலும் தன் வயிற்றில் அடித்த மாதிரி துடிப்பாள். வீட்டிலும் இதே கூத்துதான். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் ஒருநாள் என்னிடம் புலம்பினார்: “அண்ணே, குக்கர் மூணு விசில் அடிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு எண்ணெய் தேச்சு, பின்னி, ரெண்டு கணக்கும் சொல்லிக்குடுத்துடறா. நான் எதுக்கு அந்த வீட்ல இருக்கேன்னே தெரியல.”

அடுப்பின் வெளிவாசல் பக்க பேரிங் கத்தத் தொடங்கியபோதுதான் வினையே ஆரம்பித்தது. எங்கள் அடுப்பு ஒரு நீளமான சுரங்கம். உள்ளே இரும்புப் பட்டை ஓடும், அதன்மேல் தட்டுகள் போகும். சூடாக இருக்கும்போது பட்டையை நிறுத்தினால் அது கோணிக்கொள்ளும். ஆகவே பட்டையை ஓடவிட்டே ஆறவைக்க ஒரு மணி, பேரிங் மாற்ற ஒரு மணி, திரும்பச் சூடேற்ற ஒரு மணி. ஷிப்டு இடைவெளியோ ஒரே ஒரு மணி. புரொடக்‌ஷன் மேனேஜர் மேசையைத் தட்டினார்.

“ரெண்டு மணி நேரம் நான் தர மாட்டேன். உடையறப்போ பாத்துக்கலாம்.”

“உடைஞ்சா ரெண்டு நாள் போகும் சார். அரை மணி மட்டும் குடுங்க, முடிச்சுத் தர்றேன்.”

“முடிக்கலைன்னா? இதோட இந்தத் திட்டம் போடற சமாச்சாரத்தையே நிறுத்திடுவேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுடுவேன்.”

அவள் சரி என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்த அரை மணிக் கணக்கில் என் மாவும் இருந்தது.

அவள் கணக்கு இதுதான். காலை ஷிப்டின் கடைசித் தட்டு அடுப்புக்குள் நகர நகர, அதன் பின்னால் ஒவ்வொரு பகுதியாக நெருப்பை அணைத்துக்கொண்டே வருவது. தட்டு வெளியே வரும்போது அநேகமாக முழு அடுப்பும் ஆறியிருக்கும். புதுப் பேரிங், கருவிகள், பலகை, விளக்கு எல்லாம் முன்பே இடத்தில் தயாராக இருக்கும், ஒரு மணி வேலை அரை மணியில் முடியும். பிட்டர்கள் பேரிங் மாட்டும்போதே நான் மாவு பிசையத் தொடங்க வேண்டும். அடுப்பு சூடேறும் நேரத்தில் மாவு உப்பிக்கொண்டிருக்கும். அடுப்பும் மாவும் ஒன்றாகத் தயாராகும்.

“ஈஸ்ட் போட்டாச்சுன்னா மாவை நிறுத்த பிரேக் கிடையாதும்மா. உன் அடுப்பு லேட் ஆச்சுன்னா என் மாவு குப்பைக்குத்தான் போகும்” என்றேன்.

“லேட் ஆகாதுண்ணே. என்னை நம்புங்க.”

நம்பவில்லை. ஆனாலும் பிசைந்தேன்.

குறை சொல்லக் கூடாது, வேலை பிரமாதமாக நடந்தது. பட்டை நின்றதும் அடுப்பின் மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே கைவைக்கும் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய பூட்டை அதில் மாட்டினார்கள். சாவி அவரவர் பையில். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்சைப் போட முடியும். புதுப் பேரிங் உட்கார்ந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே பிட்டர்கள் கையைத் துடைத்துக்கொண்டு தங்கள் பூட்டுகளைக் கழற்றினார்கள். மேனேஜரின் முகத்தில்கூட லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு மட்டும் மிச்சம் தொங்கியது.

காலை ஷிப்டு எலக்ட்ரீஷியனுடையது. மோட்டார் வயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஷிப்டு ஆளிடம் விவரம் சொல்லிவிட்டு அவன் கிளம்பியிருந்தான். புது ஆள் தன் பூட்டை மாட்டிக் கழற்றியும்விட்டான். பழைய ஆளின் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது, சாவி அவன் பையில். போன் போட்டால் ‘ஸ்விட்ச் ஆஃப்’.

“கட்டரை எடு. வெட்டு” என்றார் மேனேஜர்.

கேப் அக்கா பூட்டின் முன்னால் போய் நின்றுகொண்டாள். “அவர் எங்கன்னு தெரியாம வெட்ட முடியாது சார்.”

“ஷிப்டு முடிஞ்சு போயிட்டான்மா!”

சத்தம் கேட்டு வந்திருந்த வாசல் காவலாளியிடம் அவள் திரும்பினாள். “அவர் பஸ்ல ஏறினதைப் பாத்தீங்களா?”

“பாத்த மாதிரி இருக்கும்மா.”

“பாத்தீங்களா, பாத்த மாதிரி இருக்கா?”

காவலாளி தலையைச் சொறிந்தான்.

அவள் தொழிற்சாலை வேன் டிரைவரை எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு அனுப்பினாள். பிட்டர்களை டார்ச்சோடு அடுப்புக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறக்கினாள். பக்கக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொன்னாள். அடுப்புக்குள் சூட்டைப் பரப்பும் காற்றாடி அறையின் மூடியை போல்ட் கழற்றித் திறக்கச் சொன்னபோது மேனேஜர் கத்தியே விட்டார். “அதுக்குள்ள எவன் போய்ப் படுப்பான்?”

“மோட்டார் வயர் அதுக்குள்ளதான் போகுது சார்.”

நான் மாவறைக்கும் அடுப்புக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். என் மாவு தட்டின் விளிம்பைத் தொட்டது. குளிர் அறையில் தட்டு வண்டிகளில் பாதியைத் திணித்தேன், மீதிக்கு இடமில்லை. “உன் திட்டத்துக்கு என் மாவுதான் கிடைச்சுதா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் கண் கலங்கியது. “தப்பு என்னோடதுண்ணே. எல்லாத்தையும் யோசிச்சேன், ஷிப்டு மாறும்போது பூட்டும் கை மாறணும்னு யோசிக்கல” என்றாள். ஆனால் சுவிட்சை விட்டு நகரவில்லை.

மூடியைத் திறந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. அப்போதுதான் டிரைவரின் போன் வந்தது. எலக்ட்ரீஷியனே பேசினான். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம், போனில் சார்ஜ் இல்லையாம். அவன் குரலைக் கேட்டதும் அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு தானே கட்டரை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள். “இப்ப வெட்டுங்க சார்.”

அடுப்பு சூடேறுவதற்குள் வெளியே நின்ற மாவு பொங்கி அமுங்கிவிட்டது. தட்டு தட்டாக நானே வழித்துத் தொட்டியில் கொட்டினேன். யாரையும் கிட்டே வரவிடவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் எழுந்தார். எலக்ட்ரீஷியன் கதவோரம் தலை குனிந்து நின்றான். வயது முப்பதுகூட இருக்காது, காதில் பென்சில் செருகியிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாடி அறையின் அளவு எனக்குத் தெரியும். அவன் தாராளமாக உள்ளே படுக்கலாம்.

“உள்ள யாருமே இல்ல. பூட்டை வெட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இனிமே இந்தத் திட்டமெல்லாம் கிடையாது. மேஸ்திரி, அதிக நஷ்டம் உங்களுக்குத்தான். நீங்களே சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

நான் கேப் அக்காவைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அழுதிருப்பாள் போல, முகம் வீங்கியிருந்தது.

“அடுத்த வாரம் எதிர்ப்பக்க பேரிங்கை மாத்தணும்னு சொன்னியேம்மா. நான் எப்ப பிசைய ஆரம்பிக்கணும்?”

மேனேஜர் என்னை முறைத்தார், நான் கண்டுகொள்ளவில்லை.

“கடைசிப் பூட்டு கழண்டதுக்கு அப்புறம் பிசைங்கண்ணே” என்றாள்.

“அப்ப இன்னும் இருபது நிமிஷம் போகுமே” என்றார் மேனேஜர்.

பத்து நிமிடத்துக்கே துடிக்கிறவள், “போகும் சார்” என்றாள்.