பத்துக்கு முன்னால் ஓர் ஓட்டை

கலியாணமாகி இரண்டாம் வருஷம் என் கணவர் எங்கள் மண்டைதீவுக் காணியின் குறுக்கே ஒரு வேலி போட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர் வேலை அவருக்கு. சும்மா இருக்கத் தெரியாத மனிசன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பிடித்து, கதியால் நட்டு, பனையோலை கட்டி, பொழுதுபடுவதற்குள் முடித்துவிட்டார். வேலிக்கு அடியில் அகப்பட்டுப் போனது மீன்பிடிக் குடும்பங்கள் கடற்கரைக்கு நடந்துபோகும் ஒழுங்கை.

அடுத்த நாள் காலை அந்த வீடுகளின் மூத்தவர் வந்தார். சேட்டுக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தார்.

"தம்பி, இந்த ஒழுங்கை எங்கட ஆக்களுக்கு எழுதித் தந்தது. பாருங்கோ."

"நீர் சொல்லுறதை நம்பேலாது. தாரும், மனிசி வாசிப்பா," என்றார் இவர்.

கலியாணத்துக்கு முன் நான், சட்டம் பார்க்கும் ஒரு புரொக்டரின் கந்தோரில் பழைய உறுதிகளைப் பார்த்துப் பிரதி எழுதினவள். பழைய தமிழ் இலக்கங்கள் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. காணியின் பழைய சொந்தக்காரர் கடற்கரைக்கு நாலு முழ அகலத்தில் பாதை விட்டுக் கொடுத்ததாக உறுதி சொன்னது. அதே மனிதர்தான் முழுக் காணியையும் எங்கள் மாமனாரின் முன்னோருக்கு விற்றவர். இரண்டும் ஒரே வருஷம், ஒரே ஆடி மாதம். பதிவுக் கந்தோரில் எடுத்த சுருக்கப் பிரதியின்படி எங்கள் உறுதி பதினைந்தாம் திகதி எழுதப்பட்டது. பாதை அதற்கு முந்தி எழுதப்பட்டிருந்தால் நாங்கள் வாங்கினது பாதையோடு சேர்ந்த காணி. பிந்தியென்றால், விற்றுவிட்ட நிலத்தில் பாதை கொடுக்க அந்த மனிதருக்கு உரிமையே இல்லை.

திகதி இருந்த இடத்தில் ௰௨ ௳ என்று தெரிந்தது. 'ய' போல இருப்பது பத்து, 'உ' போல இருப்பது இரண்டு, கடைசியில் சுழித்திருப்பது நாள் என்பதற்கான குறி. பன்னிரண்டாம் நாள். ஆனால் பத்துக்கு முன்னால் பூச்சி அரித்து ஓர் ஓட்டை. ஓர் எழுத்து இருக்கக்கூடிய அளவு. அந்த ஓட்டைக்குள் இன்னொரு இரண்டு இருந்திருந்தால் ௨௰௨, இருபத்திரண்டு.

"ஓட்டைக்குள்ள என்ன இருந்தது?" இவர் என் தோளுக்கு மேலால் குனிந்து கேட்டார்.

"தெரியாது. ஒண்டும் இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"எங்கட புரொக்டர் பன்னிரண்டெண்டுதான் சொன்னவர்," என்றார் வந்தவர்.

"உங்கட புரொக்டருக்கு ஓட்டை தெரியேல்லையாக்கும்," என்றார் இவர்.

வழக்கு, ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கச் சபைக்குப் போனது. விசாரணைக்கு நாள் குறித்து அறிவித்தல் வந்தபின் வீட்டில் நிம்மதியில்லை. இவர் சாப்பாட்டில் பாதியில் எழும்புவார், வேலியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சோற்றுக் கோப்பையைத் தொடுவார். "அது இருபத்திரண்டுதான், என்ன?" என்பார். நான் பதில் சொல்லாவிட்டால் கோபம், "தெரியாது" என்றால் இன்னும் கோபம். வேலிக்கு அப்பால் பெண்கள் ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, கண்டல் மரங்களின் பக்கமாகச் சேற்றுக்குள்ளால் சுற்றிப் போனார்கள். அந்தப் பக்கம் பாராமல் இருக்கத்தான் பார்த்தேன். ஏலவில்லை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் எனக்கு அவர்களுடைய உறுதியில் திகதிக்குப் பக்கத்தில் கிடந்த சொல் நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை.

இவர் வந்ததும் சொன்னேன். "அவையின்ர உறுதியில செவ்வாயெண்டு கிடக்கு. எங்கடையும் அதே ஆள் எழுதினதுதான், பிரதியில பேர் கிடக்கு. அப்ப எங்கடையிலயும் கிழமை போட்டிருப்பார். பதினைஞ்சுக்கும் இருபத்திரண்டுக்கும் சரியா ஏழு நாள். எங்கட பதினைஞ்சு செவ்வாயெண்டால் அவையின்ர இருபத்திரண்டு."

"இல்லாட்டி?"

"வெள்ளியெண்டால் அவையின்ர பன்னிரண்டு."

இவர் முகம் மலர்ந்தது. இரண்டாவதை அவர் கேட்கவேயில்லை என்று நினைக்கிறேன். மூல உறுதி நெடுந்தீவில், கலியாணம் முடித்துப் போன அவருடைய அக்காவிடம், என் மச்சாளிடம், இருந்தது. அக்காவின் சீதனக் காணியும் அதே உறுதிக்குள் வருவதால் அவர்தான் வைத்திருந்தார். இவருக்குக் கடையில் கணக்குப் பார்க்கிற நேரம், லீவு இல்லை. நான் புங்குடுதீவுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து வள்ளத்தில் ஏறினேன். கச்சான் காற்றில் வள்ளம் ஆடியது. வழி முழுக்கச் செவ்வாய், வெள்ளி, செவ்வாய் என்று மனம் அடித்துக்கொண்டே வந்தது. எது வரவேண்டுமென்று விரும்பினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மச்சாள் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துத் தந்தார். நின்றபடியே விரித்தேன். ஆடி ௴ ௰௫ ௳ வெள்ளிக்கிழமை. வெள்ளி பதினைந்து, வியாழன் பதினாலு, புதன் பதின்மூன்று, செவ்வாய் பன்னிரண்டு. உறுதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"என்ன?" மச்சாள் கேட்டார். சொன்னேன்.

அவர் அலுமாரிக் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார். "அப்ப இதை ஏன் கொண்டுபோறீர்? இஞ்சையே கிடக்கட்டும். காணேல்லையெண்டு சொன்னால் ஆர் கேக்கப்போறது?"

"அவர் கேப்பார், மச்சாள்."

"அவனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

"நான் வாசிச்சிட்டன். இனி வாசிக்காத மாதிரி இருக்க என்னால ஏலாது."

உறுதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் துறைவரைக்கும் வழியனுப்பவும் வரவில்லை.

பண்ணைப் பாலத்து வீதியில் பஸ் நின்றபோது இவர் சைக்கிளோடு நின்றார். எத்தனை பஸ்ஸைப் பார்த்தாரோ. "என்ன கிழமை?" என்றார், நான் இறங்க முன்னமே.

"வெள்ளி."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கொஞ்சத்தூரம் போனதும் நின்றார். "ஒண்டு இங்கிலீஸ் ஆடி, அதுதான் யூலை, மற்றது தமிழ் ஆடியாயிருந்தால்?"

"ஒரே ஆள், ஒரே மாதம். ஒண்டுக்கு ஒரு கணக்கும் மற்றதுக்கு வேறையும் ஏன் வைக்கிறார்?"

மறுபடி நடந்தார். வீட்டுக்கு வந்து விரல்விட்டு எண்ணினார். பின்னும் எண்ணினார். விரலை மாற்றி எண்ணினாலும் கிழமை மாறவில்லை. "அக்கா ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். சொன்னதைச் சொன்னேன். உறுதியை என் கையிலிருந்து வாங்கித் தன் கைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சபைக்குக் கொண்டுபோவாரா, விடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

சபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. அந்த மூத்தவர் தன் மகனோடு வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார். தலைவர் அவருடைய உறுதியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "இந்த ஓட்டையை வைச்சு நான் தீர்ப்புச் சொல்லேலாதே," என்றார். இவர் எழும்பினார். முகம் கறுத்திருந்தது. கைப்பெட்டியைத் திறந்து எங்கள் உறுதியை மேசையில் வைத்தார்.

"கிழமையைப் பாருங்கோ ஐயா," என்றார். "பதினைஞ்சு வெள்ளி. அவையின்ர செவ்வாய். அது பன்னிரண்டுதான்."

மூத்தவருக்கு முதலில் விளங்கவில்லை. மகன் காதுக்குள் சொன்னபிறகு, "என்ன தம்பி, நீங்களே சொல்லுறியள்?" என்று எழும்பி நின்றுவிட்டார்.

"கிழமை சொல்லுது. நான் இல்லை," என்றார் இவர். பிறகு உடனே, "ஆனா பாதை நடுவால போகேலாது. ஓரத்தால போகட்டும். நாலு முழம் நான் விடுறன்," என்று குரலை உயர்த்தினார். அகலம் குறையாவிட்டால் சரி என்றார் மூத்தவர். அப்படியே எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

வேலியை இவர் ஒரே நாளில் பிடுங்கி ஓரத்தில் நட்டார். போடும்போது பிடித்த ஆட்களைக் கூப்பிடவில்லை, தனியாகத்தான் செய்தார். காலையில் வலையும் கடகமுமாக ஆட்கள் போகும் சத்தம் கேட்டால் சில நாள் கிணற்றடிக்கு எழும்பிப் போய்விடுவார். அந்தப் பெண்கள் என்னைக் கண்டால் தலையாட்டுவார்கள், நானும் தலையாட்டுவேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

மச்சாள்தான் அடங்கவில்லை. உறுதியைத் திருப்பி அனுப்பச் சொல்லி வள்ளக்காரரிடம் சொல்லியனுப்பினார். தபாலில் அனுப்ப இவர் பயந்தார், கொண்டுபோய்க் கொடுக்க மனமில்லை. மாரி முடிந்து கடல் தணிந்த ஒரு நாள் மச்சாள் தானே வந்து இறங்கினார். தேத்தண்ணி வைக்கட்டோ என்றேன், வேண்டாமென்றார். இவர் எடுத்துக் கொடுத்த உறுதியை விரித்து, எனக்கு நேரே நீட்டினார்.

"எங்கை அந்த வெள்ளி? காட்டும்."

தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக வாசித்தார். "வெள்ளிதான்," என்றார். பிறகு உறுதியை மடித்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "பின்னேர வள்ளம் தப்பப் போகுது," என்று எழும்பினார்.